அப்பாயி படித்த வெங்காயப் புத்தகம்

குன்னத்தில் என் தம்பி வீட்டுக் கூடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட சுவர் அலமாரி ஒன்று உண்டு. கல்யாண ஆல்பம், தம்பி பள்ளிக்கூடத்தில் வாங்கிய ஷீல்டு, யாரும் காபி குடிக்காத பீங்கான் கோப்பைகள், இவற்றுக்கெல்லாம் மேலே, கடைசித் தட்டில் மூன்று படப் புத்தகங்கள். பெரம்பலூர் புத்தகத் திருவிழாவில் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். தம்பி மகளுக்கு அப்போது 11 மாதம்.

கொடுத்து மூன்றாம் நாளே ஒரு பக்கத்தைக் கிழித்து வாயில் போட்டுக்கொண்டாளாம். அவள் அம்மா விரலை விட்டுத் தோண்டி எடுத்திருக்கிறாள். மறுநாள் புத்தகத்தைத் தரையில் போட்டு அதன் மேல் ஏறி நின்றிருக்கிறாள். "ஐயோ, சரஸ்வதிடி, மிதிக்காத!" என்று அப்பாயி ஓடிவந்து, புத்தகத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அலமாரியில் ஏற்றிவிட்டாள். அப்பாயி என்றால் பாப்பாவுக்கு அப்பாயி, எனக்கு அம்மா.

"ஏம்மா மேல வச்ச?" என்று கேட்டேன்.

"பின்ன, கிழிச்சுத் திங்கிறதுக்காடா காசு குடுத்து வாங்குன? வெவரம் தெரியட்டும், எடுத்துக் குடுக்கலாம்."

அம்மாவைக் குறை சொல்லிப் பயனில்லை. பிசகு என்னுடையது. சரஸ்வதி பூசையன்று புத்தகங்களைச் சாமி முன்னால் அடுக்கிவிட்டு அன்றைக்குப் படிக்க மாட்டோம் அல்லவா? நம்மில் பல வீடுகளில் குழந்தைக்கு அந்த ஒருநாள் வழக்கம் மூன்று வருடத்துக்கு நீண்டுவிடுகிறது. 11 மாதக் குழந்தைக்கு வாய்தான் மூத்த கண். செருப்பு, சாவி, செல்போன் எதுவானாலும் முதலில் வாயில் வைத்துத்தான் என்னவென்று பார்க்கும். புத்தகத்துக்கு மட்டும் விதிவிலக்கு கேட்டால் கிடைக்காது. மெல்லத் தாங்கும் புத்தகமாகக் கொடுத்திருக்க வேண்டும். நானோ வழவழ தாளில் அச்சான, நடுவில் பின் அடித்த புத்தகங்களைக் கொடுத்திருந்தேன். அந்தப் பின் கழன்று தொண்டைக்குள் போயிருந்தால் என்னாகும் என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

அடுத்த முறை சென்னைக்குப் போனபோது அட்டைப் புத்தகம் ஒன்று வாங்கி வந்தேன். கடைக்காரர்கள் 'போர்டு புக்' என்பார்கள். ஒவ்வொரு பக்கமும் தடித்த அட்டை. மூலைகள் கண்ணில் குத்தாதபடி வட்டமாக வெட்டப்பட்டிருக்கும். எச்சில் பட்டால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். அட்டையாக இருப்பதில் இன்னொரு சேதியும் இருக்கிறது. தாளைப் புரட்ட, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒற்றைத் தாளைப் பிரித்தெடுக்க வேண்டும். ஒரு வயதுக் கைக்கு அது பெரிய வேலை. அட்டை என்றால் உள்ளங்கையால் தள்ளினாலே புரண்டுவிடும். பக்கத்தைத் தானே புரட்ட முடிகிற குழந்தைக்குத்தான் புத்தகம் தன்னுடையது என்ற நினைப்பு வரும்.

புத்தகம் தாக்குப்பிடித்தது. படங்கள்தான் கைகொடுக்கவில்லை. ஸ்ட்ராபெர்ரி, பெங்குவின், பனிமனிதன். அம்மா முதல் பக்கத்தைப் பார்த்து, "தக்காளி" என்றாள். பெங்குவினைப் பார்த்து, "இது என்னடா, காக்காயா?" பனிமனிதன் பக்கத்தைப் பேசாமல் தள்ளிவிட்டாள். படிக்கிறவருக்கே சொல்ல ஒன்றுமில்லாத புத்தகத்தில் குழந்தை என்ன கேட்கும்? தமிழில் நல்ல படப் புத்தகங்கள் வருகின்றன. சென்னையிலிருந்து தூலிகா பல வருடங்களாகப் போடுகிறது. ஆனால் கடிக்கத் தாங்கும் அட்டைப் புத்தகம் தமிழில் குறைவு. குன்னம் கடைத்தெருவில் அதைத் தேடுவது வீண்வேலை. சரி, நாமே செய்வோம் என்று இறங்கினேன்.

அட்டை, பசை, அம்மிக்கல்

என்ன படம் வைப்பது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பெரம்பலூர்ச் சீமையில் பிறந்த குழந்தைக்கு முதல் பாடம் சின்ன வெங்காயம். ஒரு வெங்காயம், வெடித்த பருத்திக்காய், மக்காச்சோளக் கதிர், தண்ணீர்ச் செம்பு, அப்பாயியின் செருப்பு, தம்பியின் மொபெட், வீட்டுக் கறுப்பு ஆடு, கடைசியாகப் பாப்பா தூங்கும்போது எடுத்த படம். மொத்தம் எட்டு. சின்னப் பொருள்களை வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, செல்போனில் எடுத்தேன். பக்கத்துக்கு ஒரே பொருள், பின்னால் வேறு எதுவும் கூடாது. ஆட்டை வேட்டியில் நிறுத்த முடியவில்லை, சுவரோரமாக நின்றபோது எடுத்ததுதான். மேலட்டைக்கு அப்பாயியின் முகம். ஸ்டூடியோவில் கொடுத்து 4×6 அங்குலத்தில் பிரிண்ட் போட்டுக்கொண்டேன்.

நோட்டு பைண்டிங்குக்குப் போடும் சாம்பல் நிற அட்டையை, சுமார் 2 மில்லிமீட்டர் தடிப்பில், ஸ்டேஷனரி கடையில் வாங்கி அதே 4×6 அளவில் ஐந்து துண்டு வெட்டினேன். ஐந்து அட்டைக்குப் பத்து முகம். முன்னட்டை ஒன்று, பின்னட்டை ஒன்று, நடுவில் எட்டுப் படம், கணக்குச் சரி. ஒரு ரூபாய் நாணயத்தை மூலையில் வைத்துக் கோடு போட்டு வட்டமாக நறுக்கினேன்.

பசையில்தான் கவனம் வேண்டும். நம் ஊர் பைண்டர்கள் மைதா காய்ச்சிய பசையில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலப்பது வழக்கம். அது விஷம். வாயில் வைக்கப்போகும் புத்தகத்துக்கு அந்தப் பசை ஆகாது. பைண்டரிடம் கொடுத்துச் செய்வதானாலும் துத்தம் போடாமல் காய்ச்சச் சொல்லிவிட வேண்டும். நான் வெறும் மைதாவைத் தண்ணீரில் காய்ச்சி, தோசை மாவுக்கும் கெட்டியாக எடுத்துக்கொண்டேன். துத்தம் இல்லாத பசையில் ஈரம் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும், அதனால் மெல்லிசாகத் தடவ வேண்டும்.

முதல் தடவை கோட்டைவிட்டேன். அட்டையின் ஒரு பக்கம் மட்டும் படத்தை ஒட்டி, காயட்டும் என்று மொட்டை மாடியில் வைத்தேன். மத்தியானம் போய்ப் பார்த்தால் ஐந்தும் எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி வளைந்து கிடந்தன. ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்துக் காய்ந்தால் அந்தப் பக்கம் சுருங்கி அட்டையை இழுக்கும். இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் ஒட்டினால் இழுப்பு சமமாகிவிடும். மறுபடி பிரிண்ட் போட்டு, இரு பக்கமும் ஒட்டி, நடுவில் பழைய பேப்பரை மடித்து வைத்து, மேலே அம்மிக்கல்லை ஏற்றி, நிழலில் இரண்டு நாள் வைத்தேன். பேப்பரை இரண்டு தடவை மாற்றினேன். பலகைபோல் நின்றது.

பிறகு ஒவ்வொரு அட்டைக்கும் அகலமான கண்ணாடி டேப்பை விளிம்பைத் தாண்டி மறுபக்கம் மடியும்படி ஒட்டினேன். விளிம்பில் டேப் நிற்காவிட்டால் எச்சில் உள்ளே இறங்கி அட்டை ஊறிவிடும். அட்டைகளைத் துணி டேப்பால் ஒன்றோடொன்று இணைத்தேன். இரண்டு அட்டைகளுக்கு நடுவே அட்டைத் தடிப்பைப்போல் இரண்டு மடங்கு இடைவெளி விட்டால்தான் புத்தகம் மூடும். பின், கம்பி, பொத்தான், மினுமினுப்பு எதுவும் கிடையாது. வாரம் ஒருமுறை மூலைகளை விரலால் வருடிப் பார்க்கச் சொல்லிவைத்தேன். டேப் நுனி தூக்கியிருந்தாலோ அட்டை ஊறிப் பிய்வதுபோல் இருந்தாலோ புத்தகத்தை எடுத்துச் சரிசெய்த பிறகுதான் திரும்பக் கொடுக்க வேண்டும். ஊறிய அட்டைத் துண்டு தொண்டையில் அடைக்கும்.

புத்தகம் அலமாரிக்குப் போகவில்லை. தரையில், விளையாட்டுச் சாமான் கூடையில் போட்டோம். அம்மாவுக்கு இது லேசில் மனசாகவில்லை. "அதுல ஒரு எழுத்துகூட இல்லையேம்மா, மிதிச்சா சரஸ்வதி கோவிச்சுக்க மாட்டா" என்று சமாதானம் சொன்னேன்.

படத்திலிருந்து வெங்காயத்தை எடுத்தவள்

பாப்பா முதலில் வெங்காயப் பக்கத்தைத்தான் பிரித்தாள். உற்றுப் பார்த்தாள். பிறகு ஐந்து விரலையும் குவித்து, படத்திலிருந்து வெங்காயத்தைப் பொறுக்கி எடுக்கப் பார்த்தாள். வழுக்கியது. நகத்தால் சுரண்டினாள். தம்பி சிரித்தான். "இவளுக்குப் படம்னே தெரியலண்ணே."

தெரியாதுதான். ஜூடி டெலோச் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் 1998-ல் இதைப் பற்றி எழுதினார்கள். ஒன்பது மாதக் குழந்தைகளின் முன் பொருள்களின் வண்ணப் புகைப்படத்தை வைத்தால் அதைத் தடவுவார்கள், தட்டுவார்கள், பிடுங்கியெடுக்கவும் முயல்வார்கள். படங்களை அதிகம் பார்த்தே இராத மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் கிராமத்துக் குழந்தைகளும் அதையேதான் செய்தார்கள். 19 மாதம் ஆகும்போது பிடுங்குவது போய், விரல் நீட்டிக் காட்டுவது வந்துவிடுகிறது. 'இது வெங்காயம் இல்லை, வெங்காயத்தைக் குறிக்கும் ஒன்று' என்பது பிடிபட அத்தனை மாதம் ஆகிறது. எழுத்தும் அப்படி ஒன்றைக் குறிப்பதுதானே? அந்தப் பெரிய படியைப் பாப்பா நகத்தால் சுரண்டிக்கொண்டே ஏறிக்கொண்டிருந்தாள்.

அம்மா ஒரு வேலை செய்தாள், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அடுப்படிக்குப் போய் ஒரு வெங்காயத்தை எடுத்துவந்து படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். "இந்தா வெங்காயம். இதோ பாரு, இதுலயும் வெங்காயம்." பாப்பா இதையும் பார்த்தாள், அதையும் பார்த்தாள். மறுநாளும் அதே. மூன்றாம் வாரம் நான் போயிருந்தபோது, பக்கத்தைத் திறந்ததும் பாப்பா தவழ்ந்து அடுப்படிப் பக்கம் போனாள்.

"எனக்கு எழுத்துத் தெரியாதேடா, நான் என்னத்தப் படிச்சுக் குடுக்க?" என்று தொடக்கத்தில் அம்மா கேட்டாள். இந்த வயசுக்குப் படித்துக் காட்டுவதே குறைவாக இருக்க வேண்டும். பேசுவதுதான் வேலை. அமெரிக்காவில் குரோவர் ஒயிட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்தத் துறையில் எல்லோரும் சொல்வது. 21 முதல் 35 மாதக் குழந்தைகளின் பெற்றோரை இரு பிரிவாக்கினார்கள். இரு பிரிவினரும் ஏறக்குறைய அதே அளவுக்குப் படப் புத்தகம் வாசித்தார்கள். ஒரு பிரிவினர் வழக்கம்போல் வாசித்தார்கள். மற்றவர்களுக்கு, நிறுத்திக் கேட்கவும், குழந்தை சொன்னதோடு கொஞ்சம் சேர்த்துத் திருப்பிச் சொல்லவும் பழக்கியிருந்தார்கள். ஒரே மாதத்தில் இந்தக் குழந்தைகள் பேச்சில் தெளிவாக முந்தியிருந்தார்கள். வாசித்த நேரம் கூடவில்லை, வாசித்த விதம்தான் மாறியது.

பாப்பாவுக்கு 22 மாதம் ஆனபோது ஒரு ராத்திரி நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதைச் சொல்கிறேன். ஆட்டுப் பக்கம்.

"ஆரு இது?" என்றாள் அம்மா. பிறகு சும்மா இருந்தாள். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். ஐந்து வந்தது.

"ம்மே."

"ஆமா, ம்மேங்குற ஆடு. கறுப்பு ஆடு. அது என்ன பண்ணுது?"

"தின்னுது."

"தழை தின்னுது. நீ குடுத்த தழைய ஆடு தின்னுது."

"தழ தின்னுது" என்றாள் பாப்பா.

அவ்வளவுதான். 'ம்மே' என்ற ஒற்றைச் சொல்லை அம்மா 'கறுப்பு ஆடு' ஆக்கினாள். 'தின்னுது' என்பதை 'தழை தின்னுது' ஆக்கினாள். குழந்தை ஒரு படி சொன்னால் பெரியவர் அடுத்த ஒரு படி மட்டும் சேர்க்கிறார். குழந்தை அதை எடுத்துக்கொள்கிறது. நடுவில் அந்த ஐந்து எண்ணும் நேரம் முக்கியம். படித்தவர்களான எங்களுக்குத்தான் அது முடியவில்லை. கேட்டுவிட்டு ஒரு விநாடியில் நாங்களே பதிலும் சொல்லிவிடுகிறோம்.

தம்பி மனைவி பட்டதாரி. அவள் செய்த பிழை வேறு. "இது என்ன? இது என்ன கலர்? எத்தனை கால்? எண்ணு பாக்கலாம்" என்று பக்கத்துக்குப் பத்துக் கேள்வி போட்டாள். பாப்பா புத்தகத்தை மூடி மேலே உட்கார்ந்துகொண்டாள். பரீட்சை ஆரம்பித்துவிட்டது என்பது குழந்தைக்கும் தெரிகிறது. முகத்தைத் திருப்புவது, பக்கத்தை அடித்து மூடுவது, எழுந்து ஓடுவது எல்லாம் 'போதும்' என்பதற்கான சொல்தான். அப்போது விட்டுவிட வேண்டும். ஒன்றரை வயதில் இரண்டு நிமிடம் உட்கார்ந்தாலே நல்ல வாசிப்பு. பக்க வரிசையெல்லாம் வேண்டாம். செருப்புப் பக்கத்துக்கே நாலு தடவை போனால் நாலு தடவையும் செருப்பைப் பற்றிப் பேசலாம்.

தமிழில் படிப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு, இங்கிலீஷ்காரர்கள் எழுதும் வழிகாட்டிகளில் அது இருக்காது. அச்சில் 'ஆடு தழை தின்கிறது' என்றிருக்கும். வீட்டில் ஒருவரும் அப்படிப் பேசுவதில்லை. இரண்டு வயதுக்குள் அச்சிலிருப்பதை அப்படியே ஒப்பித்தால் குழந்தைக்கு அது வேற்றுமொழி. பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். மூன்றை நெருங்கும்போது கதைப் புத்தகத்தில் ஒன்றிரண்டு வரியை அச்சில் உள்ளபடி படித்துவிட்டு, பிறகு பேச்சில் விளக்கினால் புத்தகத்துக்கென ஒரு குரல் இருப்பது காதில் ஏறும். எங்கள் பாப்பாவுக்கு அந்தக் குரல் பிடித்துப்போய், மொபெட்டைப் பார்த்து "வண்டி செல்கிறது" என்றாள். வீடே சிரித்தது. அதற்குப் பிறகு இரண்டு நாள் சொல்லவே இல்லை. சிரித்திருக்கக்கூடாது.

ராத்திரி எட்டரை

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தாலும் தூக்கம் மட்டும் சரியாகவில்லை. பத்தரை மணிவரை பாப்பா கூடத்தில் ஓடிக்கொண்டிருப்பாள். ஒரே கூடம், அதில் டிவி, சீரியல் முடியும்வரை விளக்கு எரியும். அழுதால் கையில் செல்போன். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன அளவு, ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கமும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம். ஒரு வயதில் திரையே வேண்டாம், இரண்டு வயதில் ஒரு மணி நேரத்துக்குள் இருக்கட்டும் என்கிறது. பாப்பா சாயங்காலம் ஐந்துவரை தூங்கியும் கணக்கில் குறைந்துதான் நின்றாள்.

தூக்கத்தை ஆராயும் ஜோடி மிண்டெல் 2009-ல் 405 தாய்மார்களையும் அவர்கள் குழந்தைகளையும் வைத்து ஒரு பரிசோதனை செய்தார். குளியல், உடம்பு நீவிவிடுதல், பிறகு அமைதியாக ஏதாவது ஒன்று, குளியல் முடிந்து அரை மணிக்குள் விளக்கை அணைத்துவிடுவது. தினமும் இதே வரிசை. இரண்டு வாரத்தில் குழந்தைகள் சீக்கிரம் தூங்கினார்கள், இரவில் எழுவதும் குறைந்தது. கவனித்தால், வரிசை மாறாமலிருப்பதுதான் இதில் சூட்சுமம். அடுத்து என்ன வரும் என்று உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது.

நாங்கள் இதை வீட்டுக்குத் தக்கபடி மாற்றினோம். பகல் தூக்கத்தை மூன்றரைக்கு எழுப்பி முடித்தோம், இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட வேலை செய்தது. எட்டேகாலுக்குச் சாப்பாடு முடியும். வெந்நீரில் கை கால் முகம் கழுவி, வேறு சட்டை. எட்டரைக்கு உள்ளறையில் பாய், சின்ன விளக்கு. இரண்டே புத்தகம், எது என்பதைப் பாப்பாதான் கூடையிலிருந்து எடுப்பாள். வெங்காயப் புத்தகம் கடைசியில் வரும்படி அம்மா பார்த்துக்கொள்வாள். அதன் கடைசிப் பக்கத்தில் பாப்பா தூங்குகிறாள் அல்லவா? அந்தப் பக்கத்தில் அம்மாவின் குரல் தானாக இறங்கிவிடும். விளக்கு அணையும், ஆராரோ தொடங்கும். சீரியல் அரை மணி நேரம் சத்தமில்லாமல் ஓடியது. இதற்கு வீட்டில் நடந்த பஞ்சாயத்தைத் தனிக் கட்டுரையாக எழுதலாம்.

முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் வாரம் ஒரு குறும்பு வந்தது. "இன்னொண்ணு" என்று மூன்றாவது, நான்காவது புத்தகம் கேட்டாள். தூங்காமலிருக்கப் புத்தகம் நல்ல சாக்கு என்று கண்டுபிடித்துவிட்டாள். அம்மா கூடையை அறைக்கு வெளியே வைத்தாள். அதே புத்தகத்தை மறுபடி கேட்டால் சரி, புதியது நாளைக்கு. ஒரு மாதத்தில் ஒன்பது மணிக்கு முன்னால் தூங்கத் தொடங்கினாள். காய்ச்சல் வந்த வாரமும் ஊரில் திருவிழா நடந்த வாரமும் எல்லாம் குலைந்து, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

ஒரே புத்தகத்தை நூறு தடவையா என்று தம்பிக்குச் சலிப்பு. குழந்தைக்கு அது தேவையாயிருக்கிறது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெசிகா ஹார்ஸ்ட் 2011-ல் மூன்று வயதுக் குழந்தைகளிடம் பார்த்தார். புதுச் சொற்களை வெவ்வேறு கதைகளில் கேட்டவர்களைவிட, ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்களே அதிகம் பிடித்துக்கொண்டார்கள். சொல் காதில் விழுந்த தடவை இருவருக்கும் ஒன்றுதான். கதை ஏற்கெனவே தெரிந்தால் அதைப் பின்தொடரும் பாரம் இல்லை, புதுச் சொல்லைக் கவனிக்க மனசுக்கு இடம் கிடைக்கிறது.

பாப்பாவுக்கு இப்போது இரண்டரை. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, முதல் நிலைக் கதைகளில் பக்கத்துக்குச் சில வரிகள்தான். ஒன்றிரண்டை இறக்கித் தடித்த தாளில் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். தாளைக் கிழிக்காமல் புரட்டுகிறாள். அலமாரியிலிருந்த மூன்று புத்தகங்களும் கீழே இறங்கிவிட்டன. வெங்காயப் புத்தகத்தின் மேல் மூலையில் வரிசையாகப் பல் தடம். அம்மாவின் முகத்தில் டேப் கீறி வெள்ளை விழுந்துவிட்டது. வேறு படம் ஒட்டவா என்றால் வேண்டாமாம்.

போன வாரம் இரண்டாவது புத்தகத்துக்குப் படம் எடுத்தோம். என்ன வேண்டும் என்று பாப்பாவையே கேட்டேன். வெங்காயப் பட்டறை, டவுன் பஸ், பக்கத்து வீட்டுப் பூனை என்று நான் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். அவள் ஒன்றே ஒன்று சொன்னாள், "ஜேசிபி." ரோட்டு வேலை நடக்கும் இடத்துக்கு மொபெட்டில் போய் எடுத்துவந்தோம். அட்டைகள் இப்போது அம்மிக்கல்லுக்கு அடியில் இருக்கின்றன. காலையிலிருந்து கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி, "காஞ்சுச்சா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.